கடைசி பெஞ்சை எடுத்துவிட்டால் போதுமா?

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓர் எழுத்து பெரிய பேச்சாக இருந்தது. ‘ப’ என்ற எழுத்துதான் அது. ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு, கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவரோரமாக ‘ப’ வடிவில் போட்டன. எல்லாரும் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சே கிடையாது என்பதுதான் யோசனை. இங்கேயும் அப்படி மாற்றிப் பார்க்கலாம் என்று பள்ளிக் கல்வித்துறை சொன்னது. கழுத்து வலிக்கும், கரும்பலகை சரியாகத் தெரியாது, 40 பேர் இருக்கும் அறையில் இடமே போதாது என்று பெற்றோரும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் கேள்வி கேட்டார்கள். யோசனை நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த விவாதத்தில் பெஞ்சு எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாரும் பேசினார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிகம் பேசப்படவில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளையின் படிப்பு மாறுவதும் மாறாததும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஒரே வகுப்பு, நாலு வகுப்புப் பிள்ளைகள்

விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணையை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் தீப்பெட்டி, பட்டாசு வேலையை நம்பி வாழும் ஊர்கள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் தலைமுறைப் பிள்ளைகளும் உண்டு, டியூஷன் போகும் பிள்ளைகளும் உண்டு. வேலை தேடி இடம் மாறும் குடும்பங்களில் பிள்ளையின் படிப்பு பாதியில் விட்டுப்போகும்.

இப்படி ஓர் ஊரில் ஏழாம் வகுப்பு, 28 பிள்ளைகள், ஒரே ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டுப் பேர் கணக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பத்துப் பேர் ஒரு முறை விளக்கினால் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலருக்கு வகுத்தல் தடுமாறுகிறது. மூன்று, நான்கு பேருக்குக் கணக்கின் வாக்கியத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது. புத்தகம் மட்டும் எல்லாருக்கும் ஏழாம் வகுப்புப் புத்தகம்.

கரும்பலகையில் நடத்தினால் நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும் போய்ச் சேரும். அதனால் குழுவாகப் பிரித்து உட்காரவைக்கலாம் என்று ஆசிரியை முடிவெடுக்கிறார். இங்கேதான் முதல் கேள்வி வருகிறது. ஒரே அளவில் படிக்கிறவர்களை ஒன்றாக உட்காரவைப்பதா, கலந்து உட்காரவைப்பதா?

இரண்டும் வேண்டும், வேறு வேறு நேரத்தில்

தமிழ்நாடு இரண்டையும் செய்து பார்த்த மாநிலம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம்.பி.விஜயகுமார் காலத்தில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை இன்றைய இளைஞர்கள் பலர் அனுபவித்திருப்பார்கள். அட்டைகள், கற்றல் ஏணி, தரையில் பாய், பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. எடுத்த அட்டையைப் பொறுத்துப் பிள்ளை எந்தக் குழுவில் உட்காருவது என்பது மாறும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே படிக்கும் குழு என்று வட்டங்கள் இருந்தன. இன்று ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை நாளை தானே படிக்கும் வட்டத்தில் இருக்கும். இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை என்றால், அது முதல் வகுப்பு நிலையான அரும்பில் இருந்து தொடங்கும். இது ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கும் முறை. எழுத்துக் கூட்டிப் படிப்பது, கூட்டல், வகுத்தல் மாதிரி படிப்படியாகப் பிடிக்க வேண்டிய அடிப்படைகளுக்கு இது பொருந்தும். வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அது வந்துவிடாது.

ஆனால், நாள் முழுக்க இப்படியே உட்கார்ந்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும். “நீ இன்னும் அரும்புதானடா” என்று பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்துவிடும்.

எனவே, நமது ஆசிரியை நேரத்தைப் பிரித்துக்கொள்கிறார். வாரத்தில் சில பாடவேளை அரை மணி நேரம் நிலை பார்த்த குழு. அப்போது அடிப்படை தடுமாறும் பிள்ளைகளோடு அவரே உட்காருவார். மற்றபடி ஏழாம் வகுப்புப் பாடம் நடக்கும்போது கலந்த குழு. இந்தக் கலந்த குழுவை அமைப்பதில்தான் நுணுக்கமே இருக்கிறது.

பாம்பு மாதிரி வளையும் பட்டியல்

“நீங்களே குழு சேர்ந்துக்கங்க” என்று விட்டால் என்ன ஆகும்? ஒரே தெருக்காரர்கள் ஒரு பக்கம், கெட்டிக்காரர்கள் ஒரு பக்கம். யாரும் கூப்பிடாத நாலு பேர் மிச்சம். அந்த நாலு பேரைக் கடைசியில் ஒரு குழுவாக்கினால், அதுதான் புதிய கடைசி பெஞ்சு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூட்டுக் கற்றலை ஆராய்ந்த ராபர்ட் ஸ்லாவின் இதற்கு எளிய வழி சொன்னார். ஒரு சின்னத் தேர்வு வைத்து 28 பேரையும் 1 முதல் 28 வரை வரிசைப்படுத்த வேண்டும். இந்தப் பட்டியல் ஆசிரியையின் டைரியில் மட்டும் இருக்கும். நாலு பேர் வீதம் ஏழு குழு. முதல் ஏழு பேரை வரிசையாக அ குழுவில் இருந்து ஏழாவது குழுவரை போட வேண்டும். அடுத்த ஏழு பேரைத் தலைகீழாக, ஏழாவது குழுவில் இருந்து அ குழுவரை. பிறகு மறுபடி நேராக, மறுபடி தலைகீழாக. பாம்பு வளைந்து வளைந்து இறங்குவது போல.

இப்படிப் போட்டால் அ குழுவில் 1, 14, 15, 28 ஆகிய இடங்களில் இருப்பவர்கள் வருவார்கள். நான்காவது குழுவில் 4, 11, 18, 25. கடைசிக் குழுவில் 7, 8, 21, 22. எந்தக் குழுவின் எண்களைக் கூட்டினாலும் 58தான் வரும். குழுக்கள் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க இந்தக் கூட்டல் போதும்.

பிறகு கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். அடிக்கடி லீவு போடும் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே குழுவில் விழுந்திருந்தால் பிரிக்க வேண்டும். ஒரு குழுவில் மூன்று பையன்கள், ஒரே ஒரு பெண் பிள்ளை என்றால் அவள் பேசவே மாட்டாள். இரண்டு இரண்டாக மாற்றுவது நல்லது. மாற்றும்போது வரிசையில் பக்கத்து எண்ணோடு மாற்றினால் சமநிலை கெடாது. 18க்குப் பதில் 17 அல்லது 19.

நாலு பேர் என்பதற்கும் காரணம் உண்டு. ஒருவர் வரவில்லை என்றாலும் மூன்று பேர் மிஞ்சுவார்கள், வேலை நடக்கும். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் சும்மா இருப்பார்கள். அது வெளியே தெரியவும் செய்யாது.

தென் மாவட்டங்களில் உட்காரும் இடத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, பள்ளிகளில் சாதி வேற்றுமை பற்றி ஆராய நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. யாரும் விருப்பப்படி ஒதுங்கவோ ஒதுக்கவோ முடியாது என்பதே அதன் பொருள். ஆசிரியை தன் குழுக்களை அமைக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னுடைய ஏழு குழுக்களில் ஏதாவது ஒன்று, வெளியே தெருவில் இருக்கும் பிரிவை அப்படியே உள்ளே கொண்டுவந்திருக்கிறதா?

யார் தோளுக்கு யார் தோள்?

நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். இப்போது உட்கார வேண்டும். மேசை, நாற்காலி எதுவும் புதிதாக வேண்டாம். முன் பெஞ்சில் இரண்டு பேர், பின் பெஞ்சில் இரண்டு பேர். குழு வேலை வந்ததும் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தால் நாலு பேர் எதிரெதிரே வந்துவிடுவார்கள். ஆசிரியை விளக்கும்போது முன்னால் திரும்பிவிடலாம். ‘ப’ வடிவத்தில் வந்த கழுத்து வலிப் பிரச்னை இங்கே இல்லை. தரையில் உட்காரும் வகுப்பு என்றால் இன்னும் சுலபம்.

நான்காவது குழுவையே பார்ப்போம். 4, 11, 18, 25. பலரும் 4ஆம் இடத்துப் பிள்ளையை 25ஆம் இடத்துப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்து, “நீ இவனுக்குச் சொல்லிக்கொடு” என்பார்கள். அது சரியாக வருவதில்லை. இடைவெளி அதிகமாக இருந்தால் தெரிந்த பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, தெரியாத பிள்ளைக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். “விடை 25, எழுதிக்கோ” என்பதோடு முடிந்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நொரீன் வெப் என்பவர் பிள்ளைகளின் குழுப் பேச்சை நுணுக்கமாக ஆராய்ந்தார். அவர் கவனித்த இன்னொன்று, மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசிக்கொள்ளும்போது நடுவில் இருப்பவர்கள் விடுபட்டுப் போவது.

எனவே பக்கத்துப் பக்கத்தில் 4உம் 18உம் ஒரு ஜோடி. எதிரே 11உம் 25உம் ஒரு ஜோடி. 4ஆம் பிள்ளையும் 25ஆம் பிள்ளையும் குறுக்காக மூலைக்கு மூலை உட்காருவார்கள். முதலில் ஜோடிக்குள் பேச்சு, பிறகு நாலு பேரும் பேச்சு. 25க்குச் சொல்லிக்கொடுப்பது 11. அந்தப் பிள்ளைக்குத் தான் தடுமாறிய இடம் இன்னும் மறந்திருக்காது.

“விடை 25” என்பது உதவியா?

ஒரு கணக்கு. ஒரு தீப்பெட்டியில் 40 குச்சிகள். எட்டில் மூன்று பங்கு தீர்ந்துவிட்டது. மிச்சம் எத்தனை?

“25டா, போடு.” பிள்ளையும் போடுகிறது. ஆசிரியை வந்து பார்த்தால் நாலு நோட்டிலும் சரியான விடை. வகுப்பு அமைதியாக, வேகமாக, அழகாக நடப்பது போலத் தெரியும். ஆனால், அந்தப் பிள்ளை எதுவும் கற்கவில்லை.

“40 குச்சியை எட்டுக் கும்பலா பிரி. ஒரு கும்பல்ல எத்தனை?”

“அஞ்சு.”

“மூணு கும்பல் தீந்துபோச்சு. எத்தனை குச்சி போச்சு?”

“பதினஞ்சு... அப்போ மிச்சம் இருபத்தஞ்சு.”

இது உதவி. விடையை மட்டும் வாங்கும் பிள்ளைக்குப் பயன் இல்லை என்பதும், விளக்கம் சொல்லும் பிள்ளைக்கே அதிகப் பயன் என்பதும் வெப்பின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

எது நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியை அந்தக் குழுவில் 25ஆம் பிள்ளையிடம் மட்டும் வேறு எண் கொடுப்பார். “48 குச்சி, ஆறில் அஞ்சு பங்கு தீந்துபோச்சு, மிச்சம் எவ்வளவு?” மற்ற மூவரும் வாய் திறக்கக் கூடாது. எட்டு என்று அது போட்டுவிட்டால் குழு வேலை செய்திருக்கிறது. முழித்தால் அந்தக் குழுவில் விடை மட்டும் கைமாறியிருக்கிறது. யாரை வேண்டுமானாலும் கேட்பேன் என்று முன்பே சொல்லிவைத்தால், மற்ற மூவரும் அந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா என்று கவலைப்படுவார்கள். இன்னொரு சின்ன ஏற்பாடு, நாலு பேருக்கு ஒரே ஒரு கேள்வித்தாள் கொடுப்பது. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தால் நாலு பேர் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாகப் படிப்பார்கள், அவ்வளவுதான்.

“எம் பிள்ளை படிப்பு கெடாதா?”

நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்றோர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, மூத்த பிள்ளைகளை வைத்து இளையவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797இல் அதைப் புத்தகமாக எழுத, இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பரவியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்பதே அன்று அதன் கவர்ச்சி. சட்டாம்பிள்ளைக்கு அதில் கிடைத்தது அதிகாரம். பாடம் வெறும் ஒப்பிப்பாகிப் போனது.

கலந்த குழு அந்தத் திசையில் போகக் கூடாது. 4ஆம் பிள்ளை குட்டி டீச்சர் அல்ல. அதற்கும் புதிதாக யோசிக்க ஏதாவது இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கை முடித்ததும், “மிச்சம் 25 வரும்படி வேறொரு கணக்கை நீங்களே உருவாக்குங்கள்” என்று குழுவுக்குக் கொடுத்தால், 4ஆம் பிள்ளைக்கும் தலையைச் சொறிய வேண்டிவரும். ஏழு பாடவேளையிலும் குழு என்பதும் வேண்டாம்.

மதிப்பெண்ணில் ஸ்லாவின் ஒரு வழி வைத்திருந்தார். தேர்வைத் தனித்தனியாகவே எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் போன முறை தான் எடுத்ததோடு ஒப்பிட்டுக் குழுவுக்குப் புள்ளி. அதைச் சுலபமாக்கி இப்படி வைத்துக்கொள்ளலாம். போன முறையைவிடக் குறைந்தால் புள்ளி இல்லை. அதே மதிப்பெண் அல்லது ஒன்று கூடினால் 1 புள்ளி. இரண்டும் அதற்கு மேலும் கூடினால் 2. முழு மதிப்பெண் எடுத்தால் எப்போதும் 2.

நான்காவது குழு பத்துக்குப் போன முறை எடுத்தது 9, 7, 5, 2. இந்த முறை 10, 7, 6, 5. முதல் பிள்ளைக்கு முழு மதிப்பெண், 2 புள்ளி. அடுத்த இருவருக்கும் ஒவ்வொன்று. கடைசிப் பிள்ளை 2இல் இருந்து 5க்கு வந்திருக்கிறது, அதற்கும் 2. மொத்தம் 6. பத்துக்கு ஐந்து எடுத்த பிள்ளை, பத்துக்குப் பத்து எடுத்த பிள்ளைக்குச் சமமாகக் குழுவுக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. “இவன் இருக்கிற குழு வேண்டாம் டீச்சர்” என்ற பேச்சு இதனால்தான் குறையும். ரேங்க் கார்டில் போடும் மதிப்பெண் மட்டும் அவரவர் எடுத்ததாகவே இருக்க வேண்டும். நண்பன் எழுதாததற்கு ஒரு பிள்ளையின் மதிப்பெண் குறையக் கூடாது.

கை எங்கே இருக்கிறது?

இவ்வளவு செய்த பிறகும் ஒன்று தப்பிப்போகலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் இதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தார். குழுவில் யார் கெட்டிக்காரர் என்று பிள்ளைகள் முன்பே முடிவு கட்டியிருப்பார்கள். அந்தப் பிள்ளை தப்பாகச் சொன்னாலும் மற்றவர்கள் கேட்பார்கள். ‘மக்கு’ என்று பெயர் எடுத்த பிள்ளை சரியாகச் சொன்னாலும் யார் காதிலும் விழாது. பேசுகிறவர் மேலும் பேசிக் கற்பார். பேசாதவர் மேலும் பின்தங்குவார்.

ஆசிரியை நடந்துகொண்டே பார்க்க வேண்டியது பிள்ளைகளின் கையை. கேள்வித்தாள் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? பென்சில் யார் கையில் நிரந்தரமாக இருக்கிறது? ஒரு பிள்ளையின் கை மூன்று நாளாக மடியிலேயே இருக்கிறதா? அப்படியென்றால் தாளைத் திருப்பி வைப்பதும், வாசிப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், நேரம் பார்ப்பவர் என்ற வேலைகளை நாள்தோறும் மாற்றுவதும் முதல் மருந்து. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ‘வாசிப்பவர்’ முறை வரும் அன்று, முந்தைய நாளே அந்தத் தாளை ஒரு முறை அதனுடன் படித்துப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அவமானமாக முடியும்.

கோஹன் சொன்ன இரண்டாவது மருந்து, நடந்த உண்மையை எல்லார் காதிலும் விழும்படி சொல்வது. “குச்சியைக் கும்பலா பிரிச்சுக் காட்டினது இவன்தான். அதுக்கு அப்புறம்தான் உங்க நாலு பேருக்கும் வழி கிடைச்சது.” வெறும் “வெரிகுட்” இதற்கு உதவாது. பொய்யாகப் பாராட்டினாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே அந்தப் பிள்ளை செய்த ஒன்று கிடைக்கும்வரை ஆசிரியை காத்திருந்து பிடிக்க வேண்டும்.

ஐந்தாறு வாரம் ஆனதும் புதிய பட்டியல், புதிய பாம்பு, புதிய குழு. முதல் வாரச் சண்டையைப் பார்த்து உடனே கலைத்துவிட்டால் பிள்ளைகள் சேர்ந்து வேலை செய்யவே பழகமாட்டார்கள். ஆண்டு முழுக்க மாற்றாமல் விட்டால் அதுவும் ஒரு பெஞ்சாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பிள்ளை பள்ளியில் இருந்து வந்ததும் “எத்தனை மார்க்?” என்று கேட்பதற்கு முன் இப்படிக் கேட்டுப் பாருங்கள். “இன்னைக்கு உன் குழுவுல நீ என்ன சொன்னே?” பதில் வரவில்லை என்றால், அடுத்த முறை டீச்சரைப் பார்க்கும்போது பேச வேண்டிய விஷயம் அதுதான்.